பெயர் மாறினால் பாக்கிக் கணக்குக்காரர் நிற்பாரா? டர்பன் பூஜைக் கடை இணைப்பு

கடைக்காரம்மா_டர்பன்:
டர்பன் நகரில் எங்கள் பூஜைச் சாமான், மசாலாக் கடைக்கு நாற்பது வருஷப் பெயர் இருக்கிறது. சாட்ஸ்வர்த்தில் உள்ள இன்னொரு கடையோடு இப்போது ஒன்றாகிவிட்டோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே புதுப் பெயர் வைக்கப் போகிறோம். மாதக் கணக்கில் வாங்கும் கோயில்கள், கேட்டரிங்காரர்கள், சின்னக் கடைகள் எங்களுக்கு 310 பேர். வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஜனம் தனி. யாரையும் விடாமல் எப்படி மாற்றுவது? தீபாவளிக்கு முன்பே செய்துவிடலாமா?

போர்டுகாரர்:
அம்மா, ஒரே ராத்திரியில் மாற்றுங்கள். பழைய போர்டை இறக்கி, விடிவதற்குள் புதியதை ஏற்றிவிட வேண்டும். இரண்டு பெயரையும் தொங்கவிட்டால் ஜனம் குழம்பும், "இது அதே கடையா, பக்கத்துக் கடையா" என்று நிற்கும். பெரும்பாலான போர்டுகளில் நடக்கும் தப்பு இதுதான்: மேலே புதுப் பெயர், நடுவில் பழைய பெயர், கீழே என்னென்ன விற்கிறோம் என்று மூன்று வரி, எல்லாம் ஒரே அளவு எழுத்து. காரில் போகிறவர் ஒன்றையும் படிக்க முடியாது. மூன்று மாதத்தில் எல்லாருக்கும் பழகிவிடும்.

கணக்கர்_31:
போர்டுகாரர் எழுத்து அளவைப் பற்றிச் சொன்னது சரி. மூன்று மாதம் என்பது இந்தக் கடைக்குப் பொருந்தாது. காய்கறிக் கடைக்கு வாரத்துக்கு இரண்டு தடவை வருவார்கள், அங்கே மூன்று மாதம் போதும். பூஜைக் கடைக்கு ஆடியில் கஞ்சி ஊற்ற வாங்குபவர் ஒருவர், புரட்டாசிக்கு வருபவர் வேறு ஒருவர், தைப்பூசக் காவடிக்குச் சாமான் எடுப்பவர் இன்னொருவர். மே மாதம் போர்டு மாற்றி ஆகஸ்டில் பழைய பெயரை எடுத்தால், தைப்பூசத்துக்கு மட்டும் வருபவர் பழைய பெயரைத் தேடி வந்து, காணாமல் திரும்பிப் போவார். அதனால் ஒருவர் வந்துபோகும் மிக நீண்ட இடைவெளி எவ்வளவோ அவ்வளவு காலம் பழைய பெயர் கண்ணில் பட வேண்டும். இங்கே அது ஒரு முழு வருஷம்.

தீபாவளிக்கு முன் வேண்டாம். மே, ஜூன்தான் சரியான நேரம். மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் கூட்டம் முடிந்திருக்கும், ஆடி தொடங்கியிருக்காது. காகித வேலையைப் பிப்ரவரியிலேயே ஆரம்பியுங்கள்.

ஆனால் போர்டைவிட எனக்குப் பெரிய கவலை அந்த 310 பேர். அவர்கள் போர்டைப் பார்ப்பதில்லை, இன்வாய்ஸைப் பார்க்கிறார்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: இரண்டு கம்பெனியில் ஒன்று நிலைத்து, அதன் பெயர்தான் மாறுகிறதா? இல்லை, மூன்றாவதாகப் புதுக் கம்பெனி தொடங்குகிறீர்களா?

கடைக்காரம்மா_டர்பன்:
அதை இன்னும் முடிவு செய்யவில்லை ஐயா. வித்தியாசம் பெரிதா?

கணக்கர்_31:
மிகப் பெரிது. ஒரு கம்பெனி நிலைத்து அதன் பெயர் மட்டும் மாறினால் பதிவு எண் மாறாது, வாட் எண் மாறாது, வங்கிக் கணக்கு எண்ணும் மாறாது. மூன்றாவது கம்பெனி என்றால் மூன்றுமே புதிது. அந்த 310 பேரும் உங்களைத் தங்கள் புத்தகத்தில் புது சப்ளையராக ஏற்ற வேண்டும். கோயில் கமிட்டியில் அதற்கு ஒரு கூட்டமே போடுவார்கள்.

ஆகவே வங்கிப் பரிமாற்றமான இ.எஃப்.டி. மூலம் பணம் கட்டுபவர்கள் எந்தக் கம்பெனிக்கு அதிகமோ, அந்தக் கம்பெனியை நிலைக்க விடுங்கள். நீங்கள் சொன்னபடி பார்த்தால் அது நகரக் கடை. வேலை இந்த வரிசையில் போகட்டும். கம்பெனிப் பதிவு அலுவலகமான சி.ஐ.பி.சி.யில் புதுப் பெயரை முன்பதிவு செய்யுங்கள், அது ஆறு மாதம் செல்லும். பிறகு பங்குதாரர் சிறப்புத் தீர்மானம். வழக்கமாக 75 சதவீத வாக்கு வேண்டும். கம்பெனியின் அமைப்பு ஆவணத்தில் வேறு விகிதம் எழுதியிருந்தால் அதன்படி. அதைத் தாக்கல் செய்து பெயர் மாற்றச் சான்றிதழ் வந்த பிறகு வரித்துறையான சார்ஸுக்கு 21 வேலை நாட்களுக்குள் சொல்லுங்கள். அடுத்து வங்கி. வாடிக்கையாளருக்குக் கடிதம் கடைசியில்தான்.

பலர் சந்தோஷத்தில் கடிதத்தை முதலில் அனுப்பிவிடுகிறார்கள். உடனே கேட்டரிங்காரரின் கணக்குப் பெண் புதுப் பெயரில் உங்களை வங்கியில் ஏற்றப் பார்ப்பார். கணக்கு எண்ணையும் பெயரையும் ஒப்பிடும் வங்கிச் சோதனை "பொருந்தவில்லை" என்று வரும், ஏனென்றால் உங்கள் வங்கியில் இன்னும் பழைய பெயர்தான். அந்த மாதப் பணம் நிற்கும்.

விமலா_பீட்டர்மரிட்ஸ்பர்க்:
எதற்கு இவ்வளவு பாடு? கம்பெனியின் பதிவுப் பெயர் ஒன்று, கடைப் பெயர் வேறு என்று நடத்தச் சட்டம் அனுமதிக்கிறதே. புதுப் பெயரைக் கம்பெனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸிலும் லெட்டர்ஹெட்டிலும் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் இருந்தால் போதும். வாசலில் இரண்டு கடையும் அவரவர் பழைய பெயரிலேயே இருக்கட்டும். நாற்பது வருஷம் தாத்தா பாட்டி சொல்லிக் கூப்பிட்ட பெயரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

கணக்கர்_31:
விமலா அக்கா சொல்வது செய்யக்கூடியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பெயர் என்றால் இரண்டு போர்டு, இரண்டு வகைப் பை, இரண்டு மசாலா லேபிள், இரண்டு விளம்பரம், எல்லாம் என்றென்றும். ஒன்றாகச் சேர்ந்த லாபத்தில் பாதி அதிலேயே போய்விடும். லேபிளில் விற்பவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதால் அச்சடித்த பாக்கெட் ரோல் எத்தனை கிலோ மிச்சம் என்று இப்போதே எண்ணி, தீரும் வரைக்கும் மட்டும் பழையதை ஓட்டுங்கள்.

டோங்காட்_வாசகர்:
எனக்கும் இதே பிரச்சினைதான். கடையை வாங்கினேன், விற்றவர் இரண்டு தெரு தள்ளி அதே பெயரில் திறந்துவிட்டார். பெயரை மாற்றினால் ஜனம் என்னிடம் வருமா?

கணக்கர்_31:
தம்பி, உங்களுடையது வேறு. விற்பனைப் பத்திரத்தில் நற்பெயரும் கடைப் பெயரும் சேர்த்து எழுதியிருக்கிறதா, விற்றவர் போட்டிக் கடை திறக்கக் கூடாது என்ற ஷரத்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷம் என்று பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். பெயரை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள், மாற்றினால் அவருக்கே விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும்.

கடைக்காரம்மா_டர்பன்:
நகரக் கம்பெனியையே வைத்துக்கொள்கிறோம். அப்போது சாட்ஸ்வர்த் கடைக்குக் கட்டுகிறவர்கள் எங்கள் கணக்குக்கு மாற வேண்டுமே. பெயர் மாற்றக் கடிதத்திலேயே புதுக் கணக்கு எண்ணையும் போட்டுவிடலாமா?

கணக்கர்_31:
கூடவே கூடாது. "எங்கள் பெயர் மாறிவிட்டது, வங்கிக் கணக்கும் மாறிவிட்டது, இனி இங்கே கட்டுங்கள்" என்ற வாசகம் மோசடிக்காரர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் வாசகம்தான். தென்னாப்பிரிக்காவில் வீடு வாங்கிய ஒருவர் இடைமறித்த மின்னஞ்சலை நம்பி 55 லட்சம் ராண்டைத் தவறான கணக்குக்கு அனுப்பிவிட்டார். 2024ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்றவர் சார்பில் பத்திர வேலை பார்த்த சட்ட நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. அதிலிருந்து எந்தக் கணக்குப் பிள்ளையும் இப்படி ஒரு கடிதத்தைக் கண்டால் பணத்தை நிறுத்திவைக்கிறார். அவர் செய்வது சரிதான்.

எனவே பெயர்க் கடிதம் மே மாதத்தில் போகட்டும். அதில் "வங்கி எண் மாறவில்லை" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கட்டும். சாட்ஸ்வர்த்தின் பழைய கணக்கு குறைந்தது மூன்று மாதம் திறந்தே இருக்கட்டும். வங்கியோடு இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆகஸ்டில் சாட்ஸ்வர்த்துக்குக் கட்டுகிறவர்களுக்குப் புதுக் கணக்கு எண்ணோடு இரண்டாவது கடிதம். அதைக் கடையில் நேரில் கொடுங்கள், அல்லது அவர்கள் ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கும் 031 தொலைபேசி எண்ணிலிருந்து கூப்பிட்டுச் சொல்லுங்கள். "சந்தேகமென்றால் எங்களைப் பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று எழுதுங்கள், கடிதத்தில் புதுத் தொலைபேசி எண் எதுவும் போடாதீர்கள்.

பிசகுகிறதா என்று எப்படித் தெரியும்? பாக்கிப் பட்டியலைப் போன வருஷம் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். வழக்கமாக 7ஆம் தேதிக்குள் கட்டுபவர் 15 வரை கட்டவில்லை என்றால் அவர் விலகிப் போகவில்லை, பயந்து நிற்கிறார். அன்றே கூப்பிடுங்கள். 310 பேரையும் கூப்பிட வேண்டியதில்லை, இப்படி நிற்பவர்களை மட்டும்.

வலைத்தம்பி:
ஒன்று சேர்க்கிறேன். கூகுள் மேப்பில் புதிதாகக் கடைப் பக்கம் திறக்காதீர்கள். இருக்கும் பக்கத்திலேயே பெயரைத் திருத்துங்கள், விமர்சனங்கள் அப்படியே இருக்கும். திருத்தியதும் மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம், அதற்குப் புதுப் போர்டின் படம் தயாராக இருக்கட்டும். பெயர்க் கட்டத்தில் "முன்பு இன்ன கடை" என்று போடுவது விதிக்கு மாறு, விவரணையில் எழுதலாம். பழைய இணைய முகவரியைக் கைவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டுக் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருங்கள். பழைய மின்னஞ்சலும் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

போர்டுகாரர்:
கணக்கர் ஐயா சொன்ன ஒரு வருஷத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அளவு என் பேச்சுப்படி இருக்கட்டும். 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்து என்பது எங்கள் கணக்கு. தெருவின் எதிர்ப்பக்கம் 30 மீட்டர் என்றால் புதுப் பெயர் 250 மி.மீ. பழைய பெயர் அதில் பாதி, ஒரே வரி, வேறு நிறம். அது நடைபாதையில் நடப்பவருக்கு 15 மீட்டரில் தெரியும், காரில் போகிறவரைக் குழப்பாது. பழைய பெயரைத் தனிப் பலகையில் திருகாணி போட்டுப் பொருத்துங்கள். அடுத்த வருஷம் அதை மட்டும் கழற்றலாம், பெரிய போர்டு கெடாது.

விமலா_பீட்டர்மரிட்ஸ்பர்க்:
கழற்றிய பிறகு அந்தப் பெயர் யாருடையது? வேறு யாராவது எடுத்துக்கொண்டால்?

கணக்கர்_31:
நல்ல கேள்வி அக்கா. சி.ஐ.பி.சி.யில் அதைத் தற்காப்புப் பெயராகப் பதியலாம். இரண்டு வருஷம் செல்லும், புதுப்பிக்கலாம். டிரேட்மார்க் இருந்தால் பத்து வருஷம், ஆனால் ஐந்து வருஷம் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் யாரும் அதை நீக்கக் கேட்டு மனுப் போடலாம். அதனால் உங்கள் யோசனையில் ஒரு பாதியை எடுத்துக்கொள்கிறேன்: கடையின் பெயர் மாறட்டும், அதிகம் விற்கும் ஒரு மசாலாப் பொடி மட்டும் பழைய பெயரிலேயே விற்பனைக்கு வரட்டும்.

விமலா_பீட்டர்மரிட்ஸ்பர்க்:
அது எனக்குப் போதாது. பாக்கெட்டில் இருக்கும் பெயரை வாசலில் கேட்டால் இல்லை என்பீர்கள். ஆனாலும் இரண்டு கடைக்கும் நகரக் கடைப் பெயரையே வைத்தால் சாட்ஸ்வர்த் பக்கம் "விற்றுவிட்டார்கள் போல" என்று பேசுவார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்காரம்மா_டர்பன்:
வரிசை புரிந்தது. அடுத்த வாரம் வங்கியில் பேசுகிறோம். ஒரு சந்தேகம்: தொலைபேசி எடுக்கும் பிள்ளைகள் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்?

கணக்கர்_31:
முதல் வருஷம் முழுக்கப் பழைய பெயரை முதலில் சொல்லட்டும், பிறகு புதியது. புதுப் பெயரைக் கேட்டதும் வயதானவர்கள் "தப்பான நம்பர்" என்று வைத்துவிடுவார்கள்.

போர்டுகாரர்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. புதியது முன்னே வந்தால்தான் வாயில் பழகும்.

கணக்கர்_31:
காலையில் ஒரு வாரம் உங்கள் முறை, ஒரு வாரம் என் முறை வைத்துப் பார்க்கட்டும். பேசாமல் வைத்துவிட்ட அழைப்புகள் எத்தனை என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வாருங்கள் அம்மா.

கடைக்காரம்மா_டர்பன்:
மே முதல் வாரத்தில் தொடங்குகிறோம் ஐயா. எண்ணி இங்கேயே எழுதுகிறேன்.