குக்கர் மாறி வந்திருக்கிறது, மூன்று மெயில் போட்டும் ஒரே பதில்தான். உதவுங்கள்

மாடிவீட்டுமணி: ஆன்லைனில் வாங்கிய குக்கர் அளவு மாறி வந்திருக்கிறது. திருப்பி எடுக்கச் சொல்லி மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் "ஆர்டர் விவரங்களைத் தெரிவிக்கவும்" என்றே பதில். எல்லாம்தான் எழுதியிருக்கிறேனே! அவசரம்.

ரசம்பொடி: எந்தத் தேதியில் வந்தது? ஆப்பிலா, கடையின் சொந்தத் தளத்திலா? என்ன கேட்டீர்கள், என்ன வந்தது?

சைக்கிள்கடை: கேஸ்கெட் மாற்றிப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் அதுதான் பிரச்சினை.

ரசம்பொடி: அண்ணே, அளவு மாறி வந்தது என்கிறார். விசில் வரவில்லை என்று சொல்லவில்லை.

மாடிவீட்டுமணி: கடையின் சொந்தத் தளம், ரிட்டர்ன் பட்டன் இல்லை, மெயில்தான். ஜூன் 3 ஆர்டர், 7ஆம் தேதி வந்தது. 10 நாள் கெடு. கேட்டது 5 லிட்டர். அம்மா லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றினார், மூன்றிலேயே விளிம்பு வரை வந்துவிட்டது. மெயில் இப்படித் தொடங்கும்: "ஐயா, என் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிய குக்கர் எங்களை எவ்வளவு மனவேதனைக்கு..." ஆர்டர் எண் கடைசியில் இருக்கிறது.

நெடுநாள்வாசி: இதே கேள்வி வாரம் ஒரு முறை வருகிறது. பெட்டி பிரிக்கும் வீடியோ இருக்கிறதா? இல்லையென்றால் பணம் போனது போனதுதான்.

பழையகணக்கு: அப்படி இல்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் வீடியோ என்ற பேச்சே கிடையாது. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. சில கடைகள் வீடியோவைத் தங்கள் நிபந்தனையில் சேர்த்திருக்கும், அது உண்மை. வீடியோ இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டால் வழக்கு முடிந்துவிடாது.

மணி, ஒன்று சொல்லுங்கள். ஆர்டர் போட்ட மெயில் முகவரியிலிருந்துதான் எழுதினீர்களா? மூன்று மெயிலும் ஒரே இழையில் பதிலாகவா, தனித்தனியாகவா?

மாடிவீட்டுமணி: ஆர்டர் தம்பியின் கணக்கில் போட்டது. மெயில் என்னுடையது. தனித்தனியாக அனுப்பினேன்.

பழையகணக்கு: அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட கடைகளில் முகவரியை வைத்துத்தான் ஆர்டரைத் தேடுவார்கள், உங்கள் முகவரிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. புது மெயில் ஒவ்வொன்றும் புதுப் புகாராகப் பதிவாகும். படிப்பவர் வேறு ஆள், மேலே இரண்டு வரி பார்த்து பிறந்தநாள் கதையோடு நிறுத்தியிருப்பார்.

தம்பியின் மெயிலிலிருந்து, ஆர்டர் உறுதி வந்த அந்த மெயிலுக்கே பதிலாக, இவ்வளவு மட்டும் அனுப்புங்கள். தலைப்பில் "அளவு மாறி வந்தது, மாற்றித் தரவும்" என்று போட்டு ஆர்டர் எண்ணைச் சேருங்கள்.

"ஆர்டர் எண் ......; 5 லிட்டர் குக்கர்; ஜூன் 3 ஆர்டர், ஜூன் 7 டெலிவரி.
பெட்டி ஸ்டிக்கரில் 5 லிட்டர், குக்கரின் அடியில் 3 லிட்டர் என்று இருக்கிறது. இரண்டும் தெரியும் படம் இணைப்பில்.
5 லிட்டர் குக்கராக மாற்றித் தரவும். ஜூன் 17க்குள் பிக்கப் தேதி சொல்லவும்."

மூன்றாவது வரியில் ஒன்றை மட்டும் கேளுங்கள். "மாற்று அல்லது பணம் அல்லது தள்ளுபடி" என்றால் எது வேண்டும் என்று கேட்டே இரண்டு நாள் ஓட்டிவிடுவார்கள். அடியில் 3 என்று அச்சு இருக்கிறதா, முதலில் பாருங்கள். ஆர்டர் எண்ணை இங்கே போட வேண்டாம்.

ரசம்பொடி: தண்ணீர் ஊற்றியதை எழுத வேண்டாமா? கழுவிய பொருளை எடுக்க மாட்டோம் என்று சொன்னால்?

நெடுநாள்வாசி: எழுதாதது ஏமாற்று. நேர்மை என்று ஒன்று இருக்கிறது.

பழையகணக்கு: கேட்டால் உண்மையைச் சொல்லட்டும். கேட்காததை முதல் வரியிலேயே கொட்டினால் "உபயோகித்த பொருள்" என்ற பிரிவில் போட்டுவிடுவார்கள்.

நெடுநாள்வாசி: அதற்குப் பெயர்தான் மறைப்பது.

சைக்கிள்கடை: தண்ணீர் ஊற்றாமல் குக்கரின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? இதுவா உபயோகம்? என் மச்சான் சட்டை போட்டுப் பார்த்ததற்கே திருப்ப முடியாது என்றார்கள்...

ரசம்பொடி: சட்டையும் குக்கரும் ஒன்றா?

*(இந்தச் சண்டை இன்னும் பதினோரு பதில்கள் போனது.)*

பழையகணக்கு: மணி, 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததற்கான ஒப்புகை வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு. இல்லையென்றால் இதே மூன்று வரியோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். கடையின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி ஆட்கள் ஓடிபி கேட்பார்கள்.

மாடிவீட்டுமணி: அடியில் 3 என்றுதான் இருக்கிறது. பெட்டியில் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருந்தார், ஸ்டிக்கர் பிழைத்தது. தம்பி மெயிலிலிருந்து அனுப்பி நாலு மணி நேரத்தில் பதில், 16ஆம் தேதி பிக்கப். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நெடுநாள்வாசி: கேட்கும்போது தெரியும்.