தாவலை ஒட்டி எழும் மேட்டுக்கு என்ன பெயர்?

செ. எழுதியது:

நண்பர்களே, சிக்னல் பாடக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சதுர அலையின் முதல் சில ஹார்மோனிக்குகளை மட்டும் கூட்டி அலையைத் திரும்பக் கட்டினால், மட்டம் சட்டென்று மாறும் இடத்தில் அது எல்லையைத் தாண்டி எகிறி, குலுங்கி, மெல்ல அடங்குகிறது. இதற்கு ‘எச்ச அலைவு’ என்று போட்டிருக்கிறேன். விட்டுப்போன ஹார்மோனிக்குகளால் வரும் எச்சம்தானே, அவற்றையும் சேர்க்கச் சேர்க்கத் தேய்ந்து மறைந்துவிடும். பொருந்துகிறதா?

மு. எழுதியது:

விட்டுப்போனவற்றால் வருகிறது என்பது சரி. தேய்ந்து மறையும் என்பதுதான் இடிக்கிறது. −1 வோல்ட்டிலிருந்து +1 வோல்ட்டுக்குத் தாவும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும்தான் உண்டு. முதல் மூன்றைக் கூட்டினால் உச்சம் சுமார் 1.19 வோல்ட். 25 உறுப்புகளைக் கூட்டினால் 1.18. 250 கூட்டினாலும் அதே 1.18தான்! மாறுவது இடம். 25 உறுப்புகளில் தாவலிலிருந்து 10 மைக்ரோநொடி தள்ளி இருந்த உச்சம், 250 உறுப்புகளில் 1 மைக்ரோநொடிக்கு வந்துவிடும். மேடு ஒடுங்கி விளிம்போடு ஒட்டிக்கொள்கிறதே தவிர, உயரம் தாவலில் ஏறத்தாழ 9 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே ‘எச்சம்’ வேண்டாம். படிக்கிற பிள்ளை, கணினியில் இன்னும் நாலு உறுப்பு சேர்த்தால் போய்விடும் என்று நினைத்துக்கொள்ளும்.

அ. எழுதியது:

இது எங்கள் பட்டறையில் தினமும் பார்ப்பதுதானே ஐயா. ஆஸிலாஸ்கோப் ப்ரோபைச் சரிக்கட்டாமல் விட்டால் சதுர அலையின் மூலையில் இதே கொம்பு முளைக்கும். ப்ரோபில் இருக்கும் சின்ன திருகைத் திருப்பினால் தட்டையாகிவிடும். தணிப்பு போதாத சர்க்யூட்டிலும் இப்படித்தான் குலுங்கும். ‘தணியா அதிர்வு’ என்று வைத்துவிடலாமே?

மு. எழுதியது:

பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வேறு. தாவலுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் சர்க்யூட்டுக்குத் தாவல் வரப்போவது முன்கூட்டித் தெரியாது, அதனால் தாவிய பிறகுதான் குலுங்கும். இங்கே தாவலுக்கு முன்பே குலுக்கம் தொடங்கிவிடுகிறது. கீழ்மட்டத்தில் −1.18 வரை ஒரு குழி, மேல்மட்டத்தில் +1.18 வரை ஒரு மேடு, இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல. இதில் தணிப்பதற்கு எதுவும் இல்லை. பெயரில் ‘தணிப்பு’ வந்தாலே தப்பான காரணத்தைச் சொன்னதாகிவிடும்.

வி. எழுதியது:

நான் எம்ஆர்ஐ பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு இது நேர அலை இல்லை, படம். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவம் பளிச்சென்று இருக்கும், தண்டுவடம் மங்கலாக இருக்கும். அந்த எல்லையை ஒட்டி இணைகோடுகள் விழும். சில சமயம் தண்டுவடத்தின் நடுவே நீளமாக ஒரு கோடு விழுந்து, உள்ளே நீர்க்குழி இருப்பதுபோலவே காட்டிவிடும். சந்தேகம் வந்தால் அந்தத் திசையில் கூடுதல் அளவீடுகளோடு மறுபடி எடுப்போம். கோடுகள் மெலிந்து நெருங்கினால் பொய்க்கோடு, இருந்த இடத்திலேயே நின்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான். ஆகவே, பெயரில் ‘அலை’ கட்டாயம் வேண்டுமா?

செ. எழுதியது:

நல்லவேளை கேட்டேன். அப்படியானால் எல்லையைத் தாண்டும் முதல் மேட்டுக்குத் ‘தாவல் மீறல்’ என்று வைக்கலாமா? ‘மிகையெழுச்சி’ என்றும் யோசித்தேன், ஆனால் கீழ்ப்பக்கக் குழியை எழுச்சி என்று எப்படிச் சொல்வது? மொத்தத்துக்கும் ‘கிப்ஸ் நிகழ்வு’ போதும்.

மு. எழுதியது:

மீறல் எனக்குப் பிடித்திருக்கிறது. கிப்ஸ் பெயரில்தான் ஒரு முணுமுணுப்பு. இங்கிலாந்தில் வில்பிரகாம் 1848இலேயே இதை எழுதிவிட்டார், யாரும் கவனிக்கவில்லை. 1898இல் மைக்கல்சனும் ஸ்ட்ராட்டனும் 80 உறுப்புகளைக் கூட்டி வரையும் இயந்திரம் கட்டினார்கள். அதே காலத்தில் ஒரு பத்திரிகை விவாதத்தில் நுழைந்த கிப்ஸ், முதல் கடிதத்தில் இந்த மேட்டைத் தவறவிட்டு 1899இல் திருத்தினார். அவர் பெயரைச் சூட்டியவர் போஷர், 1906இல். ஆனாலும் உலகமே கிப்ஸ் என்கிறபோது நாம் மட்டும் வில்பிரகாம் என்றால் தேடுகிறவனுக்குக் கிடைக்காது.

அப்புறம், உயர் ஹார்மோனிக்குகளின் எடையைப் படிப்படியாகக் குறைத்துக் கூட்டினால் மீறல் அடங்கும். லான்சோஸ் காரணிகளைப் போட்டால் தாவலில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் மிஞ்சும். பதிலுக்குத் தாவலின் செங்குத்து கொஞ்சம் சாயும். குறிப்பில் இதையும் சேருங்கள்.

அ. எழுதியது:

முன்பக்கக் குலுக்கத்தை நான் யோசிக்கவில்லை, சரி. ஆனால் ‘மீறல்’ என்றால் எனக்குப் போக்குவரத்து அபராதம்தான் ஞாபகம் வருகிறது. ‘தாண்டல்’ ஆகாதா?

வி. எழுதியது:

தாவலும் தாண்டலும் அடுத்தடுத்து வந்தால் வாய் குழறும். எனக்கு வேறு சிக்கல். முதல் மேட்டுக்கு அடுத்த பள்ளம் 0.90 வோல்ட் வரை இறங்குகிறது. அது எல்லைக்கு உள்ளேதானே இருக்கிறது, அதை மீறல் என்று சொல்ல முடியுமா?

செ. எழுதியது:

முடியாது. முதல் மேட்டுக்கு மட்டும் ‘தாவல் மீறல்’, அதைத் தொடர்ந்து வரும் வரிசைக்கு ‘விளிம்புச் சிற்றலை’ என்று இப்போதைக்கு எழுதிக்கொள்கிறேன். படத்தில் விழும் கோட்டையும் சிற்றலை என்பது வி.க்கு ஒத்துவருமா என்று தெரியவில்லை. வேறு சொல் தோன்றினால் அனுப்புங்கள்.