டிசைன் ஜட்ஜிடம் பேசியாச்சு, அடுத்து என்ன?

பழைய கேப்டன்: காலேஜ் பசங்க தாங்களே கட்டின ரேஸ் காரோட மோதற போட்டி ஃபார்முலா பாரத். கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடக்கும் அதுக்குப் போற பசங்கள்ல பலர், ஜட்ஜ்கிட்ட நேரா "வேகன்சி இருக்கா சார்"னு கேட்டுடறாங்க. பேச்சு அதோட முடிஞ்சுது. ஜட்ஜா வந்திருக்கும் இன்ஜினியர் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பிரச்சினையைக் கொடுங்க.

பிரேக் டெஸ்ட்டையே எடுத்துக்கலாம். நாலு சக்கரமும் லாக் ஆகணும். முன்னாடி லாக் ஆகுது, பின்னாடி உருளுது. அதைப் பார்க்கும் ஜட்ஜ் "பேலன்ஸ் பாரைப் பின்பக்கம் திருப்பு" என்கிறார். பெடல் விசையை முன், பின் பிரேக்குக்குப் பிரிச்சுக் கொடுக்கற பார் அது. திருப்பினா பாஸ். எத்தனை சுற்று திருப்பினோம்னு யாரும் எழுதி வைக்கறதில்லை. எழுதி வைங்க. ஊர் திரும்பிய வாரமே மெயில் போகணும், சப்ஜெக்ட்டில் கார் நம்பரோட:

"சார், நீங்க சொன்னபடி இரண்டு சுற்று திருப்பினோம், பின் சக்கரமும் லாக் ஆனது. ஆனால் பார் கடைசி வரை போய்விட்டது. அடுத்த காரில் பின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டத்தைக் குறைத்தால் பார் நடுவுக்கு வருமா?"

அவ்வளவுதான், ரெஸ்யூமே வேண்டாம். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. "வரும், ஆனா பெடல் டிராவல் கூடும், பாத்துக்கோ"னு பதில் வந்தா, அதை அளந்து அடுத்த மெயில் போடுங்க.

மெக் மூணாவது வருஷம்: மெயிலை யார் ண்ணா பாக்கறாங்க? லிங்க்ட்இன்ல ரிக்வெஸ்ட் கொடுத்தா முடிஞ்சுது.

பழைய கேப்டன்: பாதி சரி தம்பி. அங்கே சீக்கிரம் பார்ப்பாங்க. ஆனா வெறும் ரிக்வெஸ்ட்ல நீ யாருன்னே தெரியாது. ஒரே நாள்ல அத்தனை கார் பார்த்தவருக்கு உன் முகம் ஞாபகம் இருக்காது, கார் நம்பரும் அந்தப் பின் சக்கரமும் இருக்கும். அதை ரிக்வெஸ்ட்டோட போற நோட்ல எழுது.

ஈசிஇ பொண்ணு: எங்க கிளப்ல காரெல்லாம் இல்ல, கெஸ்ட் லெக்சர் மட்டும்தான். சர்ட்டிஃபிகேட் யார்கிட்ட கேட்கணும்?

லேத் பட்டறை: சர்ட்டிஃபிகேட்டை விடும்மா. லெக்சர் கொடுக்க வர்றவரை ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வர்ற வேலையை நீ வாங்கிக்கோ, பேச நேரம் கிடைக்கும். கார் பசங்களுக்கும் ஒண்ணு: ஓசியில் பார்ட் வெட்டிக் கொடுக்கற பட்டறைக்கு ஸ்டிக்கர் ஒட்டினா மட்டும் போதாது. சக்கரத்தைத் தாங்கற அப்ரைட் உடைஞ்சா, அதைக் கொண்டு வந்து காட்டுங்க. எந்த மூலையில் ரேடியஸ் பத்தலைன்னு அங்கேயே தெரிஞ்சுடும். எங்களுக்கு வேலை கொடுக்கற கம்பெனிக்காரங்க பெயரும் அந்தப் பேச்சுலதான் வரும்.

சஸ்பென்ஷன் லீட்: ஒரு சந்தேகம். இந்த மெயில் டீம் ஐடியில் இருந்தா, சொந்த ஐடியில் இருந்தா? டீம் ஐடின்னா படிப்பு முடிஞ்சதும் தொடர்பு போயிடும். சொந்த ஐடின்னு ஆளுக்கு ஆள் அனுப்பினா, ஒரே ஜட்ஜுக்கு ஒரே கேள்வி அஞ்சு தடவை போகும்.

பழைய கேப்டன்: பிரேக்கைச் செஞ்சவன் சொந்த ஐடியில் அனுப்பட்டும், டீமுக்கு காப்பி போடட்டும்.

மெக் மூணாவது வருஷம்: எங்க கேப்டன் இதுக்கு ஒத்துக்க மாட்டார் ண்ணா.