புதுப்பிப்பு: ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயர் நீங்கியது

சென்ற மாதம் நான் கேட்டது: “பைக் கடனை அடைத்துவிட்டேன், தடையின்மைச் சான்றும் வந்துவிட்டது. ஆர்.சி.யில் இன்னும் வங்கியின் பெயர் இருக்கிறதே, என்ன செய்வது?”

சான்று கையில் இருந்தால் போதும் என்றார் ஒருவர். பாதிதான் சரி. கடன் முடிந்தது என்பதற்கு அது சாட்சி; பதிவிலிருந்து பெயர் தானாக நீங்காது. கடன் ஒப்பந்தம் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-இல் நானும் வங்கியும் கையெழுத்திட வேண்டும் என்று இன்னொருவர் சொன்னதே உதவியது. பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகம் போனேன்.

அங்கே திருப்பி அனுப்பினார்கள். சான்றில் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கம் 8, ஆர்.சி.யில் 3. வங்கியின் தட்டச்சுப் பிழை! புதுச் சான்று வர பதினொரு நாள். வாங்கிய இடத்திலேயே எழுத்தெழுத்தாக ஒப்பிட்டிருக்க வேண்டும்.

இப்போது ஆர்.சி.யில் அந்த வரி இல்லை. காப்பீட்டுப் பத்திரத்தில் மட்டும் வங்கி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்கத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை.

ஆர்.சி.யே தொலைந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்ட நண்பருக்கு: உங்களுடையது வேறு விஷயம், முதலில் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பியுங்கள்.