அந்த 2 லட்சம் யாருடைய பணம்?

தராசுமுள்: பங்குதாரர்கள் கூடி ஒப்புக்கொண்டால் கம்பெனி எதை வேண்டுமானாலும் செய்யலாம். அவர்கள் பணம், அவர்கள் விருப்பம். இன்னமும் ‘அல்ட்ரா வைரஸ்’, அதாவது கம்பெனியின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, என்று சொல்லிக் கம்பெனியின் கையைக் கட்டுவது வக்கீல்களின் பிழைப்புக்குத்தான் உதவும். மறுப்பவர் உண்டா?

பழஞ்சுவடி: உண்டு. கம்பெனிச் சட்டத்தில் தலை நரைத்தவன் நான். இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்களே என்று எரிச்சலாக இருக்கிறது.

1955இல் சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் பங்குதாரர்கள் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தார்கள். தொழில், வணிக அறிவை வளர்ப்பது அந்த அறக்கட்டளையின் வேலை. காப்பீட்டு அறிவும் அதில் அடக்கம். நல்ல காரியம்தான், யாரும் திருடவில்லை. அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. பழைய கணக்குகளைப் புரட்டிய எல்ஐசி, பணத்தைத் திருப்பிக் கேட்டது. லட்சுமணசுவாமி முதலியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்ஐசி பக்கம் நின்றது. கம்பெனி எதற்காக அமைந்தது என்று சொல்லும் அடிப்படை ஆவணம் மெமோரண்டம். அதன் நோக்கப் பிரிவுக்குள் அந்த நன்கொடை வரவில்லை. வராததைப் பங்குதாரர்கள் கை தூக்கி வரவழைக்க முடியாது. அவ்வளவுதான்.

தராசுமுள்: பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். அந்த 2 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து போனது? பங்குதாரர்களின் டிவிடெண்ட் கணக்கிலிருந்து, அதாவது அவர்களுக்கு லாபத்தில் பங்கு தருவதற்கான கணக்கிலிருந்து. தங்களுக்கு வரவேண்டியதைத் தாங்களே கொடுத்தார்கள். இதை ஏன் மறைத்தீர்கள்?

பழஞ்சுவடி: மறைக்கவில்லை. அந்த வாதம் நீதிமன்றத்திலேயே வைக்கப்பட்டது, அங்கேயே விழுந்தது. கணக்கின் தலைப்பில் ‘பங்குதாரர்’ என்று எழுதியிருந்தால் பணம் அவர்களுடையதாகிவிடுமா? டிவிடெண்ட் அறிவிக்கப்படும்வரை ஒரு பைசாவும் கம்பெனியினுடையதுதான். முறையாக டிவிடெண்ட் அறிவித்து, பணம் அவரவர் கைக்குப் போன பிறகு, அவரவர் அறக்கட்டளைக்குக் கொடுத்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க முடியாது. அந்த ஒரு படியை விட்டுவிட்டார்கள். அதனால்தான் இயக்குநர்கள் சொந்தப் பொறுப்பில் மாட்டிக்கொண்டார்கள்.

தராசுமுள்: ஒரு சடங்கு விட்டுப்போனதற்குத் தண்டனையா? பணம் பங்குதாரர்களுடையது. மறுபடியும் சொல்கிறேன்: பங்குதாரர்களுடையது.

ஏழாம்தாள்: இருவரும் பழங்கதை பேசுகிறீர்கள். நான் இப்போது இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கொள்கை பிறந்தது இங்கிலாந்தில், 1875இன் ஆஷ்பரி வழக்கில். ரயில் பெட்டி செய்யும் கம்பெனி பெல்ஜியத்தில் ரயில் பாதை போடும் ஒப்பந்தத்தில் இறங்கியது; செல்லாது என்றார்கள். அந்த இங்கிலாந்தே 2006 சட்டத்தில் இதைக் கைவிட்டுவிட்டது. ஆகவே நம் நாட்டிலும் இதற்கு உயிரில்லை.

பழஞ்சுவடி: தம்பி, முதல் பாதி சரி. ‘ஆகவே’ என்ற சொல்லில்தான் வழுக்கிவிட்டீர்கள். இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றிக்கொண்டால் நம் சட்டம் தானாக மாறாது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 4ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். மெமோரண்டத்தில் நோக்கங்களை எழுதியே ஆகவேண்டும். இன்று அதைத் திருத்துவது 1955ஐவிட எளிது. அன்று நீதிமன்றத்தின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. ஆனால் திருத்தம் முன்னால், செலவு பின்னால்.

ஆஷ்பரி வழக்கிலும் நீங்கள் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கம்பெனியின் நோக்கப் பிரிவில் ‘பொது ஒப்பந்தக்காரர்கள்’ என்ற சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்திருந்த ரிச் வாதாடினார். அதற்கு முன்னால் ‘இயந்திரப் பொறியாளர்கள்’ என்று இருந்ததால், அந்த வகை ஒப்பந்தங்களை மட்டுமே அது குறிக்கும் என்று அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சுருக்கிவிட்டது. பங்குதாரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒப்புதல் தந்தாலும் செல்லாது என்ற வரி அங்கே இருக்கிறது. தராசுமுள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

நூறுபங்கு: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் கதையும் இதுதான். ஒரு கம்பெனியின் பொது வெளியீட்டில் பங்கு வாங்கினேன். புதிய ஆலை கட்டப் பணம் திரட்டுவதாக, பங்கு வாங்க அழைக்கும் ஆவணமான புராஸ்பெக்டஸில் போட்டிருந்தார்கள். ஓராண்டு கழித்து, மீதிப் பணத்தில் வேறொரு கம்பெனியை வாங்கப்போவதாகத் தபால் வாக்கெடுப்புக்கு மின்னஞ்சல் வந்தது. நான் வாக்களிக்கவில்லை. நோக்கத்தை மீறிவிட்டார்கள் அல்லவா? இது அல்ட்ரா வைரஸ்தானே?

தராசுமுள்: பார்த்தீர்களா, பங்குதாரர்கள் வாக்களித்து மாற்றிவிட்டார்கள்! நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

பழஞ்சுவடி: இல்லை. ‘நோக்கம்’ என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டு பேரும் குழம்புகிறீர்கள். மெமோரண்டத்தின் நோக்கம் வேறு, புராஸ்பெக்டஸில் சொன்ன நோக்கம் வேறு. வேறு கம்பெனியை வாங்க மெமோரண்டம் இடம் கொடுத்தால் அல்ட்ரா வைரஸ் பேச்சே இல்லை. உடைந்தது வாக்குறுதி. அதற்கு அதே 2013 சட்டத்தின் 27ஆம் பிரிவு இருக்கிறது: சிறப்புத் தீர்மானம், செய்தித்தாளில் அறிவிப்பு, கம்பெனியைத் தொடங்கிய புரொமோட்டர்கள் எதிர்த்தவர்களின் பங்குகளை வாங்கிக்கொண்டு, அவர்கள் வெளியேற வழிவிட வேண்டும்.

ஆனால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகளில் அந்த வழிக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. வாக்களித்தவர்களில் குறைந்தது 10 சதவீதம் எதிர்த்திருக்க வேண்டும். சொன்ன காரியத்துக்குப் பயன்படும் தொகை, திரட்டியதில் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 200 கோடி திரட்டி ஆலைக்கு 120 கோடி என்றால் இரண்டாவது பூட்டு திறந்துவிடும். 160 கோடி என்றால் திறக்காது, எத்தனை பேர் எதிர்த்தாலும். நீங்கள் வாக்களிக்காமல் இருந்தது பெரிய பிழை. எதிர்த்தவருக்குத்தான் அந்த வழி.

ஏழாம்தாள்: வழக்கும் போட முடியாது. 1889இன் டெரி எதிர் பீக் வழக்கில், புராஸ்பெக்டஸில் நீராவி டிராம் ஓட்ட உரிமை உண்டு என்று எழுதினார்கள். அதற்கு அரசின் வர்த்தக வாரியத்தின் ஒப்புதல் தேவை என்பதைச் சொல்லவில்லை. ஒப்புதல் பெரும்பகுதிக்குக் கிடைக்கவுமில்லை. ஆனாலும் நேர்மையாக நம்பியதால் இயக்குநர்கள் தப்பித்தார்கள்.

பழஞ்சுவடி: அந்தத் தீர்ப்பால் அதிர்ந்துபோய் அடுத்த ஆண்டே, 1890இல், இயக்குநர் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள் என்பது உங்கள் பாடத்தில் இல்லையா? நம் 35ஆம் பிரிவு அந்த வழியில் வந்தது. தவறான வாசகத்தை நம்பிப் பங்கு வாங்கி நஷ்டப்பட்டவர், ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. புரொமோட்டரும் இயக்குநரும் தங்களைக் காத்துக்கொள்ளக் காரணம் காட்டட்டும்.

நூறுபங்கு: அப்படியானால் நான் வழக்குப் போடலாமா?

பழஞ்சுவடி: அன்று எழுதியது அன்றே பொய்யா, பிறகு மனம் மாறியதா? அதைப் பொறுத்தது. வெளியீட்டு நாளுக்கு முன்பே அந்தக் கம்பெனியை வாங்கப் பேச்சு நடந்ததற்குத் தாள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஏழாம்தாள்: என் பாடத்தை இழுக்க வேண்டியதில்லை. போன மாதமும் தணிக்கை பற்றிய விவாதத்தில் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள்.

பழஞ்சுவடி: அன்றும் நீங்கள் பிரிவைப் படிக்காமல்தான் எழுதினீர்கள்.

நூறுபங்கு: தாள் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

தராசுமுள்: என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. டிவிடெண்ட் கணக்கு, பங்குதாரர் பெயர், பங்குதாரர் தீர்மானம். அந்த 2 லட்சம் கம்பெனியுடையது என்று எந்த நியாயத்தில் சொல்கிறீர்கள்?

பழஞ்சுவடி: அறிவிக்காத டிவிடெண்ட் டிவிடெண்டே அல்ல. நான்காவது முறை எழுதச் சொன்னாலும் இதையேதான் எழுதுவேன்.