கலைத்த பத்தியா, பத்திக் கோவையா: ஒரு கலைச்சொல் இழை

காட்பாடி, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலப் பகுதியில் ‘பாரா ஜம்பிள்’ வரும் இடத்தில்தான் அதிகம் திணறுகிறார்கள். ஐந்தாறு வாக்கியங்களை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள், சரியான வரிசையில் வைத்து ஒரு பத்தியாக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் தமிழிலேயே நாலு பத்தி பழக்கிவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகலாம் என்று வியாழக்கிழமைக்கு ஒரு தாள் தயாரிக்கிறேன். அதன் தலைப்பில் ‘பாரா ஜம்பிள்’ என்று போட மனம் வரவில்லை. என்ன சொல் வைக்கலாம்?

மாதிரிக்கு நம்மூர்ப் பத்தி ஒன்று எழுதியிருக்கிறேன்:

க. அவர் குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகு கோட்டை மறுபடி கும்பெனியின் கைக்குப் போனது.
ச. 1805 நவம்பரில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் புதிய உடை விதிகள் வந்தன.
த. அந்த மனக்கசப்பு 1806 ஜூலை 10 அன்று விடியுமுன்னே வேலூர்க் கோட்டையில் வெடித்தது.
ந. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தலைப்பாகைக்குப் பதில் புதுத் தொப்பி என்றிருந்த அவற்றைச் சிப்பாய்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.
ப. தகவல் ஆற்காட்டிலிருந்த கில்லெஸ்பிக்குப் போய்ச் சேர்ந்தது.
ம. திப்புவின் பிள்ளைகளும் அப்போது அங்கேதான் காவலில் இருந்தார்கள்.

ஆம்பூர், திங்கள் இரவு

இதற்குத்தான் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே மேடம்! டி.என்.பி.எஸ்.சி. பொதுத்தமிழில் ‘சொற்களை ஒழுங்குபடுத்திச் சொற்றொடராக்குதல்’ என்றே தலைப்பு உண்டு. மூன்று வருஷமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதையே போட்டுவிடுங்கள். கூடவே ஒரு சந்தேகம், அகரவரிசைப்படி அடுக்கும் கேள்வியில் ‘ஞ’ முதலா ‘ந’ முதலா?

காட்பாடி, செவ்வாய் காலை

தம்பி, அது ஒரு வாக்கியத்துக்குள் சொற்களை அடுக்குவது. ‘கோட்டையை நாயக்கர் கட்டினார்’ என்றாலும் ‘நாயக்கர் கோட்டையைக் கட்டினார்’ என்றாலும் சரிதான், வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும். நான் கேட்பது வாக்கியத்துக்கு வெளியே. வாக்கியத்தை வாக்கியத்தோடு சேர்க்க உருபு கிடையாது, அங்கேதான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். ‘ஞ’ முதலில், ‘ந’ பிறகு.

ராணிப்பேட்டை, செவ்வாய் காலை

பெயர் எதுவானால் என்ன, வழியைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆண்டைப் பாருங்கள். 1805 முதலில், 1806 பிறகு. ஆண்டு இல்லாதவற்றை நடந்த வரிசையில் போட வேண்டும். ச, ந, த, ப, க வந்துவிட்டது. ‘ம’வை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். இரண்டு நிமிஷ வேலை. பெயர் வேண்டுமானால் ‘தொடரடுக்கு’ என்று வையுங்கள்.

குடியாத்தம், செவ்வாய் மதியம்

ராணிப்பேட்டை நண்பர் சொன்ன விடை சரி. சொன்ன வழி பாதிதான் சரி. இதே செய்தியை நான் இப்படி எழுதுகிறேன்: ‘1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் வந்த உடை விதிகள்தான் காரணம்.’ பத்தி 1806இல் தொடங்கி 1805க்குப் பின்னால் போகிறது. ஆண்டை மட்டும் பார்க்கிறவன் இதைத் திருப்பிப் போட்டுவிடுவான். அப்படிப் போட்டால் ‘அதற்கு முந்தைய’ என்பது எதற்கு முந்தையது? காலம் உதவும், ஆனால் தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

‘தொடரடுக்கு’ வேண்டாம். ‘பாம்பு பாம்பு’ போன்ற அடுக்குத்தொடர் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வான்.

ஒன்று கவனியுங்கள். அம்மா கொடுத்த ஆறு வாக்கியங்களில் ‘ஆனால்’, ‘ஆகவே’, ‘எனினும்’ ஒன்றுகூட இல்லை. இணைப்புச் சொல்லைத் தேடு என்று சொல்லி அனுப்பினால் பிள்ளை வெறுங்கையோடு திரும்பி வருவான். இருந்தாலும் பத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறதே, எதனால்? ‘ந’வில் இருக்கும் ‘அவற்றை’க்கு ஒரு பன்மை அஃறிணைப் பெயர் முன்னால் வேண்டும். ‘விதிகள்’ ‘ச’வில்தான் இருக்கிறது. ஆகவே ச, ந. ‘த’வில் ‘அந்த மனக்கசப்பு’ என்கிறோம். மனக்கசப்பு என்ற சொல் வேறெங்கும் இல்லை, ஆனால் ‘பொறுத்துக்கொள்ள முடியவில்லை’ என்ற முழு வாக்கியத்தையும் ஒரு பெயராகச் சுருட்டி எடுத்து வந்திருக்கிறது. பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ‘க’வில் ‘அவர்’ யார்? ஒருமை, மதிப்பு, பெயர் சொல்லப்பட்ட ஆள். கில்லெஸ்பியை விட்டால் யாரும் இல்லை. ப, க.

இதில் பாதி சுட்டு. மீதி என்ன என்று பாருங்கள். ‘ப’வில் சுட்டே இல்லை. வெறும் ‘தகவல்’. என்ன தகவல் என்று சொல்லாமல் நிற்கிற வாக்கியம் பத்தியைத் திறக்க முடியாது. எழுவாயை விழுங்கிவிட்டு ‘ஓடினார்கள்’ என்று முடிகிற வாக்கியமும் அப்படித்தான். தமிழில் இல்லாமையும் ஒரு இணைப்பு. ஆகவே ‘இணைப்புச் சொல்’ என்ற பெயரையே முதலில் மாற்ற வேண்டும் என்பேன்.

ஆரணி, செவ்வாய் மாலை

ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டுத் தறி ஞாபகம் வந்தது. பாவு தீர்ந்துபோனால் புதுப் பாவின் இழையைப் பழைய இழையின் முனையோடு ஒன்றொன்றாக முறுக்கிப் பிணைப்போம். அம்மா உட்கார்ந்தால் நாள் முழுக்க அதே வேலைதான். ஒரு இழை மாறிப் போனால் நெய்து நாலு விரற்கடை போன பிறகுதான் தெரியும், பிரிக்கிற வேலை அதைவிடப் பெரிது. ‘ச, ந’ மாதிரிப் பிரிக்க முடியாத ஜோடிக்குப் ‘பிணை’ என்று வைக்கலாமே?

ராணிப்பேட்டை, செவ்வாய் மாலை

பிணை என்றால் ஜாமீன் அக்கா. எங்கள் தெருவில் சொன்னால் யார் உள்ளே போனார் என்று கேட்பார்கள்.

காட்பாடி, செவ்வாய் இரவு

சிரித்துவிட்டேன். வகுப்பில் ஒரு பையன் ‘தொடுப்பு’ என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அது வேண்டாம்.

எனக்கு இப்போது மூன்று சொல் தேவை என்று புரிகிறது. கேள்விக்கு ஒன்று, ‘அவற்றை’ போல முன்னால் கைநீட்டும் உறுப்புக்கு ஒன்று, பிரிக்க முடியாத ஜோடிக்கு ஒன்று. முதலாவதற்கு ‘பத்திக் கோவை’ எப்படி?

குடியாத்தம், புதன் காலை

கோவை என்றால் கோத்து முடித்தது. மாணவன் கையில் கிடைப்பது கோக்காதது. செயலுக்கு வேண்டுமானால் ‘கோத்தல்’ பொருந்தும், கேள்விக்குப் பொருந்தாது.

சீட்டாட்டத்தில் என்ன சொல்கிறோம்? ‘கலைத்துப் போடு’ என்கிறோம். இதுவும் அதே வேலைதான், சீட்டுக்குப் பதில் வாக்கியம். ஆகவே ‘கலைத்த பத்தி’. ‘கலைந்த பத்தி’ என்று எழுதிவிடாதீர்கள். கலைந்தது தானாகக் கலைந்தது, காற்றில் பறந்த தாள் மாதிரி. இது ஒருவர் வேண்டுமென்றே கலைத்தது, அவர் மனத்தில் ஒரே ஒரு வரிசை இருக்கிறது. கலைத்த பத்தியைக் கோத்தல், போதும்.

முன்னால் கைநீட்டும் உறுப்புக்குக் ‘கொக்கி’ என்பேன். ‘கொக்கிச்சொல்’ வேண்டாம், எல்லாமே சொல் அல்ல. ‘பிள்ளைகளும்’ என்பதில் கொக்கி வெறும் ‘உம்’.

ஆற்காடு, புதன் காலை

பேச்சுக்கு நடுவில் குறுக்கிடுகிறேன். ‘ம’ எங்கே வரும் என்று யாருமே சொல்லவில்லை. ராணிப்பேட்டைக்காரர் எங்கே வேண்டுமானாலும் என்கிறார். அப்படி ஒரு கேள்வி தேர்வில் வந்தால் நான் என்ன செய்வது? மேலாண்மைப் படிப்புக்கான கேட் தேர்வில் விடைத் தெரிவுகளே இல்லாமல் எண்ணைத் தட்டச்சுச் செய்யச் சொல்கிறார்கள். போன முறை என் பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில் இதே மாதிரி ஒரு வாக்கியம் மிதந்தது. நான் போட்ட வரிசை எனக்கு இன்னும் சரியாகத்தான் படுகிறது, மதிப்பெண் வரவில்லை.

குடியாத்தம், புதன் மதியம்

நல்ல கேள்வி. எங்கே வேண்டுமானாலும் வராது. ‘ப’வுக்குப் பின்னால் வைத்துப் படித்துப் பாருங்கள்: தகவல் ஆற்காட்டுக்குப் போனது, திப்புவின் பிள்ளைகளும் அங்கேதான் காவலில் இருந்தார்கள். பிள்ளைகளை ஆற்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம்! அங்கே, அப்போது, அவர் எல்லாம் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். ஆனால் ‘த’வுக்குப் பின்னாலும் வரும், கடைசியில் ‘க’வுக்குப் பின்னாலும் வரும். இரண்டு இடத்திலும் பக்கத்தில் இருப்பது கோட்டைதான். இரண்டையும் தப்பு என்று சொல்ல முடியாது. குற்றம் மாணவர்மேல் இல்லை, கேள்விமேல்.

நன்னூல் சொல்லும் 8 பொருள்கோளில் அடிமறிமாற்று என்று ஒன்று உண்டு. செய்யுளின் எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது. பாட்டுக்கு அது அழகு, கலைத்த பத்திக்கு அது நோய். ‘ம’ போன்ற வாக்கியத்துக்கு ‘அடிமறி’ என்ற பெயரையே இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

ஏன் மிதக்கிறது என்று பாருங்கள். ‘இருந்தார்கள்’ என்பது நிலை. நிலை பத்தி முழுக்கப் பரவி இருக்கும், அதற்கு முன் பின் கிடையாது. நடந்த ஒன்றைச் சொன்னால் ஆணி அடித்த மாதிரி நிற்கும். ‘அங்கே திப்புவின் கொடியும் ஏறியது’ என்று மாற்றிப் பாருங்கள். கோட்டை கும்பெனியின் கைக்குத் திரும்பிய பிறகு அந்தக் கொடி ஏறாது. ஆகவே கடைசி இடம் போயிற்று. ‘அங்கே’ இருப்பதால் ‘ப’வுக்குப் பின்னும் போகாது. ‘த’வுக்கு அடுத்த இடம் மட்டும் மிச்சம்.

ராணிப்பேட்டை, புதன் மதியம்

அப்போ வரிசை ச, ந, த, ம, ப, க. ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஆண்டை முதலில் பார்ப்பதை விடமாட்டேன், நேரம் மிச்சம். ‘அடிமறி’ மட்டும் வேண்டாம். என் மகனிடம் சொன்னேன், ‘யாரை அடிக்கணும்?’ என்றான்.

ஆரணி, புதன் மாலை

ஜோடிக்கு என்ன முடிவு? பிணையைத் தூக்கிவிட்டீர்கள், பதிலுக்கு எதுவும் வைக்கவில்லை. ‘பிணைத்தொடர்’ என்றால் ஜாமீன் ஞாபகம் வராதே?

குடியாத்தம், புதன் மாலை

‘தொடர்’ சேர்ந்தால் ஒரே வாக்கியம் என்று தோன்றுகிறதம்மா, நமக்கு வேண்டியது இரண்டு. ‘பிணைப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பொதுச்சொல்.

காட்பாடி, புதன் இரவு

நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பில் ‘கலைத்த பத்தி’, உள்ளே ‘கொக்கி’. ‘ம’வை ஐயா சொன்ன மாதிரி கொடியாக மாற்றிவிட்டேன். பழைய ‘ம’வையும் தனியாகக் கடைசிப் பக்கத்தில் வைக்கிறேன், இரண்டு விடை ஏன் வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அடிமறியைப் பற்றி வகுப்பில் வாயால் சொல்கிறேன், தாளில் போடவில்லை. ஜோடிக்கு இப்போதைக்கு ‘ஜோடி’ என்றே இருக்கிறது, ஆரணி அக்கா மன்னிக்கணும்.

ஆம்பூர், புதன் இரவு

மேடம், ‘ஞ’ முதல் என்றீர்கள். அப்படியானால் ‘ஞாயிறு’, ‘நண்டு’ இரண்டில் ஞாயிறுதானே முன்னால்? எனக்கு நண்டு முதலில் வரும் என்று நண்பன் சொல்கிறான்.