அஞ்சலிப் படத்தில் மாலை ஒட்டவைத்தது போலத் தெரிகிறது, என்ன செய்யலாம்?

உசிலை ஸ்டுடியோ
உசிலம்பட்டியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியவரின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாகக் கேட்டிருக்கிறார்கள். 12-க்கு 18 அங்குலம், 300 டிபிஐ. ஃபோட்டோஷாப்பில் மரச்சட்டம் வைத்து, அதன் மேல் சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய மாலை போட்டிருக்கிறேன். மாலைப் படம் வெள்ளைப் பின்னணியில் இருந்தது. வெட்டிய பிறகும் ரோஜா ஓரத்திலும் இலை ஓரத்திலும் வெள்ளைக் கோடு தெரிகிறது. Drop Shadow கொடுத்தும் மாலை அந்தரத்தில் மிதக்கிறது. முகத்துக்கு வெளிச்சம் இடது பக்கம், மாலைக்கு வலது பக்கம். அதுதான் காரணமா?

டிசைனர் திருமங்கலம்
அதேதான் காரணம். Flip Horizontal கொடுத்து மாலையைத் திருப்புங்கள், வெளிச்சம் முகத்தோடு சேர்ந்துவிடும். கோட்டுக்கு Layer > Matting > Defringe, 1 பிக்சல். நிழலில் Opacity-யைக் குறைத்து Size-ஐக் கூட்டினால் முடிந்தது.

மேலூர்க்காரி
பூ மாலை எப்படியும் ரெண்டு நாளில் வாடிவிடும். எங்க வீட்டில் அப்பா படத்துக்குச் சந்தன மாலைதான் போட்டிருக்கிறோம், துடைத்தால் போதும்.

உசிலை ஸ்டுடியோ
அக்கா, இது கம்ப்யூட்டரில் போடுகிற மாலை. நிஜ மாலை அவர்கள் வீட்டில் போட்டுக்கொள்வார்கள்.

பழைய ரீடச்காரர்
தம்பி, மாலை எங்கே கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். கழுத்தில் போட்டால் முகத்து வெளிச்சத்தோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் மாலை சட்டத்தின் மேல் கிடக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும் போட்டோவின் வெளிச்சம் என்றைக்கோ ஸ்டுடியோவில் விழுந்தது, வெளியே தொங்கும் மாலைக்கு அதோடு சம்பந்தமில்லை. சட்டத்தின் எந்த விளிம்பு பளபளக்கிறதோ அந்தப் பக்கம்தான் மாலைக்கு வெளிச்சம். அது இடது மேல் விளிம்பு என்றால் மாலையைத் திருப்புங்கள், நிழல் வலது கீழே விழட்டும். முகத்தோடு சேரவில்லையே என்று பெரியவர் படத்தை மட்டும் திருப்பிவிடாதீர்கள். சட்டைப் பை, துண்டு, மச்சம் எல்லாம் பக்கம் மாறிவிடும், வீட்டார் பார்த்த உடனே கேட்பார்கள்.

மிதப்பதற்குக் காரணம், எல்லா இடத்திலும் ஒரே நிழல் விழுவது. மாலை சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கண்ணாடியோ சட்டத்தைவிட உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் சட்டத்தின் மேல் நிழல் ஒட்டியும் கூர்மையாகவும் இருக்கும், கண்ணாடியில் விலகியும் மங்கலாகவும் விழும். சட்டத்தின் உள் ஓரத்தில் நிழல் ஒரு படி இறங்கினது போல உடைய வேண்டும். அந்த உடைவு இருந்தால்தான் கண் நம்பும்.

Layer > Layer Style > Create Layer கொடுத்தால் நிழல் தனி லேயராகிவிடும். அதை நகலெடுத்து, ஒன்றைச் சட்டத்துக்கு மட்டும், மற்றதைக் கண்ணாடிக்கு மட்டும் மாஸ்க் செய்யுங்கள். மாஸ்க்குக்கும் லேயருக்கும் நடுவில் உள்ள சங்கிலியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிழலை நகர்த்தும்போது மாஸ்க்கும் கூடவே போகும். உங்கள் அளவுக்குச் சட்டத்தில் 8 பிக்சல் நகர்த்தல், கண்ணாடியில் 60 வரை. 60 என்றால் அச்சில் சுமார் 5 மி.மீ. கண்ணாடி நிழலுக்கு மட்டும் கூடுதலாக Gaussian Blur, 20-இல் தொடங்குங்கள். இரண்டும் Multiply. மரத்தின் மேல் கறுப்பு வேண்டாம், மரத்திலேயே அடர்ந்த பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

Defringe சொன்னது சரிதான், ஆனால் லேயரில் மாஸ்க் இருந்தால் அந்த மெனு மங்கலாக நிற்கும். நகலெடுத்து Apply Layer Mask கொடுத்த பிறகு செய்யுங்கள். இந்த அளவுக்கு 1 போதாது, 2 வைத்துப் பாருங்கள். மாலைக்குக் கீழே தற்காலிகமாகக் கறுப்பு லேயர் வைத்து 100% அளவில் பார்த்தால் மிச்சக் கோடு தெரிந்துவிடும்.

உசிலை ஸ்டுடியோ
அண்ணே, நிழல் உடைந்ததும் மாலை சட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. ரோஜா ஓரமும் சுத்தம். சம்பங்கிதான் தகராறு. பூவே வெள்ளை, எது பூ எது பின்னணி என்று தெரியாமல் சில மொட்டுகள் பாதி வெட்டுப்பட்டிருக்கின்றன.

பழைய ரீடச்காரர்
வெள்ளையில் எடுத்த வெள்ளைப் பூவுக்கு Defringe உதவாது. அந்த மொட்டுகளைப் பென் டூலில் கையால் வரைந்து வெட்டுங்கள். மேலே ஒரு Multiply லேயரை Clipping Mask ஆக வைத்து, பூவின் மடிப்பில் இருக்கும் சாம்பல் பச்சையை எடுத்து, நிழல் பக்க ஓரத்தில் மட்டும் மெல்லப் பூசுங்கள். அடிக்கடி இந்த வேலை வருமென்றால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு மாலை வாங்கி, காலிச் சட்டத்தில் தொங்கவிட்டு, பின்னால் கருநீலத் துணி கட்டி ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். மாலையின் கனமும் வளைவும் தானாகவே சரியாக வரும்.

டிசைனர் திருமங்கலம்
சட்டத்து வெளிச்சம் விஷயம் சரி. ஆனாலும் முகமும் மாலையும் எதிரெதிராக இருந்தால் என் கண்ணுக்கு உறுத்தும். நானாக இருந்தால் சட்டத்தையும் சேர்த்தே திருப்பிவிடுவேன். அப்புறம் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மாலை மட்டும் கலரா?

பழைய ரீடச்காரர்
சட்டத்தைத் திருப்புவது தாராளமாகச் செய்யலாம். கலர் வீட்டார் விருப்பம். கலரென்றால் ரோஜாவின் Saturation-ஐக் கொஞ்சம் இறக்குங்கள், இல்லாவிட்டால் முகத்துக்கு முன்னால் மாலைதான் கண்ணில் படும்.

மேலூர்க்காரி
சரி தம்பி, இப்போதுதான் புரிந்தது. எங்க அப்பத்தா படம் போனில்தான் இருக்கிறது. போனிலேயே இந்த மாதிரி நிழலை உடைக்க முடியுமா?